மேடையில் ஒரு விஞ்ஞானி: அறிமுகவுரைக்கு இரண்டு நிமிடம்

பள்ளி அறிவியல் கண்காட்சியின் தொடக்க விழா பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நடக்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, தலைமையாசிரியரின் வரவேற்புரை, சிறப்பு விருந்தினர் அறிமுகம், பொன்னாடை, அவருடைய உரை, பிறகு ரிப்பன் வெட்டு. வகுப்பறைகளில் எரிமலை மாடலும் சொட்டுநீர்ப் பாசனமும் ஊசிக்குழாயால் இயங்கும் ஜேசிபியும் தயாராக இருக்கும். அவற்றைச் செய்த பிள்ளைகளின் மனமெல்லாம் அந்த மேசைகளின் மேலேயே இருக்கும். தங்கள் பிள்ளை எந்த அறையில் நிற்கிறது என்பதுதான் பெற்றோரின் முதல் கேள்வி. இத்தனைக்கும் நடுவில் மேடையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற விஞ்ஞானி யார் என்று கூட்டத்துக்குச் சொல்லும் வேலை ஓர் ஆசிரியரின் தலையில் விழும்.

அந்த ஆசிரியரின் கையில் இருப்பது விருந்தினரே அனுப்பிய பயோடேட்டா. இரண்டு பக்கம், சில சமயம் நான்கு பக்கம். பட்டங்கள், பதவிகள், ஆண்டுகள், விருதுகள், ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை, உறுப்பினராக இருக்கும் குழுக்கள். எதையாவது விட்டுவிட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற பயத்தில் முழுவதையும் வாசித்துவிடுவார்கள். எட்டு நிமிடம் கழிந்திருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அதில் ஒரு வரிகூட நினைவில் நிற்காது. விருந்தினரும் தலை குனிந்து தன் சால்வையின் கரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த அறிமுகத்தை எப்படிச் செய்தால் பிள்ளைகளும் பெற்றோரும் விருந்தினர் பேசப்போவதைக் கேட்க ஆவலோடு திரும்பி உட்காருவார்கள் என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். எடுத்துக்காட்டு, தமிழ்நாட்டில் பலரும் அறிந்த மயில்சாமி அண்ணாதுரை. கோயம்புத்தூர் மாவட்டத்தில் பொள்ளாச்சிக்கு அருகே கோதவாடி என்ற சிற்றூரில் 1958இல் பிறந்தவர். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலும் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியிலும் படித்து 1982இல் இஸ்ரோவில் சேர்ந்தார். சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர். பெங்களூரில் இருக்கும் இஸ்ரோ செயற்கைக்கோள் மையத்தின் இயக்குநராக இருந்து 2018இல் ஓய்வு பெற்றார். அவர் ஒரு பள்ளியின் கண்காட்சிக்கு வருகிறார், அறிமுகவுரை எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

அவருடைய பணிவாழ்வு 36 ஆண்டுகள் நீண்டது. பல செயற்கைக்கோள்கள், சந்திரயான், செவ்வாய்க்குப் போன மங்கள்யான், 2016இல் பத்மஸ்ரீ, ‘கையருகே நிலா’ முதலான நூல்கள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அறிமுகவுரைக்கு இவற்றில் ஒன்று போதும். அந்த ஒன்றைப் பத்து வயதுப் பிள்ளை மனத்தில் படமாகப் பார்க்க முடியவேண்டும். அதை வீட்டுக்குப் போய்த் தன் பாட்டியிடம் சொல்லவும் முடியவேண்டும். அண்ணாதுரையின் வாழ்வில் அப்படிப்பட்டது எது என்று தேட நெடுநேரம் ஆகாது. நிலாவில் தண்ணீர்.

ஆனால், ‘நிலாவில் தண்ணீரைக் கண்டுபிடித்த விஞ்ஞானி இதோ நம் முன்னே!’ என்று முழங்கிவிட்டு உட்கார்ந்தால் அது தவறான தகவல். மேடையில் இருக்கும் அவருக்கே அது சங்கடம். என்ன நடந்தது என்பதை அறிமுகப்படுத்துபவர் முதலில் தனக்காகத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் தெரிந்துகொள்வதில் பத்தில் ஒரு பங்குதான் மேடைக்குப் போகும். மீதி, அந்த ஒரு பங்கைப் பிழையில்லாமல் சொல்லத் துணை நிற்கும்.

சந்திரயான்-1, 2008 அக்டோபர் 22 அன்று காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் புறப்பட்டது. நவம்பர் 8 அன்று நிலாவின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்தது. அதில் 11 கருவிகள் இருந்தன. ஐந்து இந்தியாவுடையவை, ஆறு வெளிநாடுகளுடையவை. நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று, அதிலிருந்து பிரிந்த ஒரு சிறிய பெட்டி நிலாவின் தென்துருவத்துக்கு அருகே போய் மோதியது. அந்தப் பெட்டியின் மேல் மூவர்ணக் கொடி வரையப்பட்டிருந்தது.

தாய்க்கலம் நிலாவின் தரையிலிருந்து 100 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. அதிலிருந்த வெளிநாட்டுக் கருவிகளில் ஒன்று எம்-கியூப் என்று அழைக்கப்பட்ட அமெரிக்கக் கருவி. நிலாவின் மேல் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை அது நுணுக்கமான நிறங்களாகப் பிரித்துப் பார்த்தது. நம் கண்ணுக்குத் தெரியும் நிறங்களோடு நிற்காமல், சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வரை அதன் பார்வை போனது. ஒவ்வொரு பொருளும் தன்மேல் விழும் ஒளியில் சில குறிப்பிட்ட நிறங்களை மட்டும் விழுங்கிவிடும். தண்ணீர் மூலக்கூறும், அதற்கு நெருங்கிய உறவான ஹைட்ராக்சிலும் மூன்று மைக்ரோமீட்டர் அலைநீளத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும் அகச்சிவப்பு ஒளியை விழுங்கும். நிலாவிலிருந்து திரும்பி வந்த ஒளியில் சரியாக அந்த இடத்தில் ஒரு குறைவு தெரிந்தது. துருவங்களை நெருங்க நெருங்க அந்தக் குறைவு கூடியது.

அதைக் கண்டவர்களுக்கே உடனே நம்பிக்கை வரவில்லை. காரணம் உண்டு. அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த நிலாக் கற்களில் தண்ணீரின் சிறு தடயம் தெரிந்தபோது, அது பூமிக்கு வந்த பிறகு ஒட்டிக்கொண்ட ஈரமாக இருக்கும் என்றுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதினார்கள். நிலா எலும்பு போல வறண்டது என்பதே அன்றைய பாடம். அதனால் வேறு இரண்டு விண்கலங்களின் பதிவுகளையும் எடுத்து ஒப்பிட்டார்கள். சனிக்கிரகத்துக்குப் போகும் வழியில் 1999இல் நிலாவைக் கடந்துபோன காசினி, வால்மீன் ஒன்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்த டீப் இம்பாக்ட். இரண்டிலும் அதே தடம் இருந்தது. அதன் பிறகே 2009 செப்டம்பரில் உலகுக்கு அறிவித்தார்கள். எம்-கியூப் குழுவின் தலைவர் பிரவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லே பீட்டர்ஸ். நிலாவின் மேல்மண்ணை ஒரு டன் அள்ளிப் பிழிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் கிடைக்கலாம் என்று அப்போது அந்தக் குழு கணித்தது.

இந்த ஒரு லிட்டர் கணக்கு அறிமுகவுரைக்குக் கிடைத்த கொடை. ‘நீர் மூலக்கூறுகளின் அகச்சிவப்பு உட்கவர்தல் பட்டை’ என்றால் அரங்கில் யாருக்கும் எதுவும் புரியாது. ஒரு டன் மண், ஒரு தண்ணீர் பாட்டில் என்றால் கடைசி வரிசையில் கைக்குழந்தையோடு நிற்கும் தாய்க்கும் புரியும். நிலாவில் குளம் குட்டை கிடையாது, மண்துகளில் ஒட்டியிருக்கும் மிகமிகக் குறைந்த நீர்தான் இருக்கிறது என்ற உண்மையும் அதிலேயே சேர்ந்து வந்துவிடுகிறது. அறிமுகப்படுத்துபவர் ஒரு பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டே பேசலாம். மேடை அலங்காரத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு துளிகூட இதற்கு வேண்டாம்.

இப்போது பெருமை யாருக்கு என்ற கேள்வி. தண்ணீரின் தடத்தைக் கண்ட கருவி அமெரிக்காவுடையது. அதைச் சுமந்துகொண்டு போன விண்கலம் இந்தியாவுடையது. அந்த விண்கலத்தை உருவாக்கி, 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்த நிலாவுக்கு அனுப்பி, சரியான உயரத்தில் சுற்ற வைத்த பெருங்குழுவை நடத்தியவர் திட்ட இயக்குநர் அண்ணாதுரை. ஆகவே, ‘நிலாவில் தண்ணீர் இருப்பதை உலகுக்குக் காட்டிய விண்கலத்தின் திட்ட இயக்குநர்’ என்று சொன்னால் அது முற்றிலும் உண்மை. அந்த வரியில் அவருடைய பெருமை ஒரு துளியும் குறையவில்லை. கேட்கும் பிள்ளைக்கு அறிவியல் என்பது பலர் சேர்ந்து செய்யும் வேலை என்பதும் தெரிந்துவிடுகிறது.

மங்கள்யானுக்கு வந்தால் இன்னொரு வழுக்கல் உண்டு. 2013 நவம்பர் 5 அன்று புறப்பட்டு 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயை எட்டிய அந்தப் பயணத்தில் அண்ணாதுரையின் பொறுப்பு வேறு. திட்ட இயக்குநராக இருந்தவர் சுப்பையா அருணன். அவரும் தமிழ்நாட்டுக்காரர்தான். இப்படிப்பட்ட பெரிய பணிகளில் ஒரே திட்டத்துக்கு இரண்டு மூன்று ‘இயக்குநர்கள்’ வெவ்வேறு நிலைகளில் இருப்பார்கள். இணையத்தில் பார்த்ததை அப்படியே எடுத்துவைத்தால் ஒருவருடைய பதவி மற்றவர் தலையில் ஏறிவிடும். ‘இந்தியாவின் முதல்’, ‘உலகின் ஒரே’, ‘தந்தை’ என்று தொடங்கும் அடைமொழிகளும் பெரும்பாலும் இப்படி ஏறியவைதான். எழுதும்போது இவற்றில் ஒன்று பேனாவுக்கு வந்தால் அங்கேயே நிறுத்தி, அதற்கு ஆதாரம் உண்டா என்று பார்ப்பது நல்லது.

அழைப்பிதழிலும் ஒரு விஷயம் உண்டு. பத்ம விருது பெற்றவரின் பெயருக்கு முன்னால் ‘பத்மஸ்ரீ’ என்று அச்சிடுவது ஊர்வழக்கம் ஆகிவிட்டது. பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் பட்டங்கள் அல்ல, அவற்றைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. அப்படிப் பயன்படுத்துபவர் விருதையே இழக்க நேரும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. விருந்தினர் தானே போட்டுக்கொள்ளாவிட்டாலும், பள்ளி அச்சடிக்கும் அழைப்பிதழ் அவருக்குத் தொல்லை தரக்கூடும். ‘2016இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர்’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும். ‘டாக்டர்’ வேறு. அது படித்துப் பெற்ற பட்டம் என்பதால் பெயரோடு சேரும். ஆனால் சில விஞ்ஞானிகளுக்கு முனைவர் பட்டம் இருக்காது. மதிப்பு காட்டுவதாக நினைத்து ‘டாக்டர்’ சேர்த்தால் அவர் தன் உரையின் முதல் வரியிலேயே அதைத் திருத்த வேண்டிவரும்.

இவற்றையெல்லாம் தீர்க்க எளிய வழி, விழாவுக்கு ஒரு வாரம் முன்பு விருந்தினரோடு பேசுவது. பயோடேட்டாவைக் கேட்டு வாங்குவதோடு பெரும்பாலானோர் நிறுத்திவிடுகிறார்கள். பத்து நிமிடத் தொலைபேசி உரையாடலில் கிடைப்பது அந்தத் தாள்களில் இருக்காது. “ஐயா, உங்கள் பெயரை மேடையில் எப்படிச் சொல்ல வேண்டும்? முன்னெழுத்தோடா, அப்பா பெயரோடா?” என்று தொடங்கலாம். “நீங்கள் செய்த வேலைகளில் எங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும் என்றால் எதைச் சொல்வீர்கள்?” என்று கேட்கலாம். பல விஞ்ஞானிகள் இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில் அவர்களுடைய பயோடேட்டாவின் முதல் பக்கத்தில் இருக்காது. விருது வாங்கித் தந்த வேலை ஒன்றாக இருக்கும், அவர் மனத்துக்கு நெருக்கமான வேலை இன்னொன்றாக இருக்கும்.

கேட்க வேண்டிய மூன்றாவது கேள்விக்குச் சற்றுத் தயக்கம் வரும். “ஐயா, அதில் எது கைகூடவில்லை?”

சந்திரயான்-1 கதையில் இதற்கு நல்ல பதில் இருக்கிறது. நிலாவை அடைந்த சில நாட்களிலேயே, 2008 நவம்பர் கடைசியில், விண்கலம் சூடாகத் தொடங்கியது. உள்ளே வெப்பம் 50 டிகிரியை எட்டியது. ஒரு பக்கம் சூரியன், மறுபக்கம் கொதிக்கும் நிலாத் தரையிலிருந்து திரும்பிவரும் வெப்பம். குழுவினர் விண்கலத்தை ஏறத்தாழ 20 டிகிரி திருப்பிவிட்டார்கள். சில கருவிகளை அணைத்தார்கள். எல்லாக் கருவிகளையும் ஒரே நேரத்தில் இயக்காமல் முறை வைத்து இயக்கினார்கள். சூடு தணிந்தது. பிறகு, நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை அறிய உதவும் உணரிகள் பழுதாயின. அந்த உணரிகள் இல்லாமல் விண்கலத்துக்குத் தான் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்றே தெரியாது. சுழல்காட்டிகளைக் கொண்டு சமாளித்தார்கள். 2009 மே மாதம் சுற்றுப்பாதையை 200 கிலோமீட்டருக்கு உயர்த்தினார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று தொடர்பு முற்றிலும் அறுந்தது. இரண்டு ஆண்டுகள் இயங்கத் திட்டமிடப்பட்ட விண்கலம் ஓர் ஆண்டைக்கூட நிறைவு செய்யவில்லை.

தேதிகளை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விண்கலம் ஆகஸ்டில் மௌனமானது. தண்ணீர் பற்றிய அறிவிப்பு செப்டம்பரில் வந்தது. அதாவது, பாதியில் நின்றுபோன பயணம் என்று செய்தித்தாள்கள் எழுதிய சில வாரங்களில், அந்தப் பயணம் ஏற்கனவே அனுப்பிவைத்திருந்த பதிவுகளிலிருந்து இப்படி ஒரு முடிவு வெளியே வந்தது. அறிவியல் கண்காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைப்பது அரிது. அன்று காலையில்தான் ஏதோ ஓர் அறையில் ஒரு பிள்ளையின் காற்றாலை மாடல் சுழலாமல் நின்றிருக்கும். பேட்டரி ஒயர் பிடுங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளை அழுகையை அடக்கிக்கொண்டு அரங்கில் உட்கார்ந்திருக்கும். மேடையில் இருக்கும் பெரிய மனிதரின் விண்கலமும் பழுதானது என்று கேட்டால் அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்.

ஆனால் இதைச் சொல்ல விருந்தினரின் சம்மதம் வேண்டும். எந்தத் தோல்வியைப் பொதுமேடையில் சொல்லலாம், எது வேண்டாம் என்பது அவருடைய உரிமை. பாதுகாப்பு ஆராய்ச்சியிலும் அணுசக்தித் துறையிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் சிலவற்றை வெளியே சொல்ல முடியாது. தொலைபேசியில் அவர் சற்றுத் தயங்கினால் அந்தப் பக்கமே போகக் கூடாது.

இன்னொரு எல்லையும் உண்டு. விருந்தினர் தன் உரையில் சொல்லவிருக்கும் கதையை அறிமுகப்படுத்துபவர் முன்கூட்டியே முழுவதும் சொல்லிவிட்டால், அவருக்குப் பேச எதுவும் மிஞ்சாது. மேடைகளில் அடிக்கடி நடக்கும் தவறு இது. ஆர்வக்கோளாறால்தான் நடக்கிறது. கதையின் கதவைத் திறந்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். விண்கலம் பழுதானது என்பதைச் சொல்லலாம். எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதை அவர் சொல்லட்டும்.

இத்தனையையும் மனத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் அறிமுகவுரை கீழே உள்ளதுபோல் அமையலாம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பேசுவதாக எழுதப்பட்டிருக்கிறது. கண்காட்சி பிள்ளைகளுடையது என்பதால் ஆசிரியரைவிட மாணவர் ஒருவர் அறிமுகம் செய்வதே பொருத்தம் என்பது இந்தக் கட்டுரையின் உறுதியான கருத்து. ஒரு பிள்ளை பேசினால் மற்ற பிள்ளைகள் கேட்பார்கள். அந்தப் பிள்ளையின் பெற்றோர் மூச்சுவிடாமல் கேட்பார்கள்.

“எல்லோருக்கும் வணக்கம். என் கையில் இருப்பது ஒரு லிட்டர் தண்ணீர். நம் பள்ளிக் குழாயில் இதைப் பிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதே ஒரு லிட்டர் நிலாவில் வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? ஒரு டன் மண்ணைத் தோண்டிப் பிழிய வேண்டுமாம்.

நம் அப்பா அம்மா பள்ளியில் படித்த காலத்தில் நிலாவில் தண்ணீரே இல்லை என்றுதான் பாடம் இருந்தது. அந்தப் பாடத்தை 2009இல் மாற்றி எழுத வைத்தது இந்தியா அனுப்பிய ஒரு விண்கலம். அதில் நம் நாட்டுக் கருவிகளும் இருந்தன, வெளிநாட்டுக் கருவிகளும் இருந்தன. அந்த விண்கலம் நிலாவுக்கு அருகில் போனதும் சூடாகிவிட்டது. பிறகு அதற்குத் திசையே தெரியாமல் போனது. இரண்டு ஆண்டுகள் வேலை செய்ய வேண்டியது, ஓர் ஆண்டுக்குள் பேசுவதை நிறுத்திவிட்டது. ஆனால் அதற்குள் அது அனுப்ப வேண்டியதை அனுப்பியிருந்தது.

அந்த விண்கலத்தின் பெயர் உங்களுக்கே தெரியும். அதைச் செய்து அனுப்பிய குழுவை நடத்தியவர் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் கோதவாடி என்ற சிற்றூரில் பிறந்தவர். இஸ்ரோவில் 36 ஆண்டுகள் பணியாற்றியவர். 2016இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். நட்சத்திரங்களைப் பார்க்கும் கண் பழுதான பிறகு அந்த விண்கலத்தை எப்படி ஓட்டினீர்கள் என்று அவரிடம் கேட்க வேண்டும் என்று எங்களுக்கு ஆசை. சந்திரயான்-1 திட்ட இயக்குநர் டாக்டர் மயில்சாமி அண்ணாதுரை ஐயா அவர்களை உங்கள் எல்லோர் சார்பிலும் பேச அழைக்கிறேன்.”

மைக்கில் நிதானமாகத் தமிழ் பேசினால் நிமிடத்துக்குத் தொண்ணூறு, நூறு சொற்கள் போகும். இது இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மூன்று நிமிடத்தைத் தாண்டும் அறிமுகவுரையில் வெட்ட வேண்டியது ஏதோ இருக்கிறது என்று கொள்ளலாம். சத்தமாக வாசித்துக் கடிகாரத்தில் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. மனத்துக்குள் வாசித்தால் எப்போதும் குறைவாகவே காட்டும்.

இந்த உரையில் பெயர் கடைசியில் வருவதைக் கவனிக்கலாம். விருந்தினரின் பெயர் அழைப்பிதழிலும் பேனரிலும் ஏற்கனவே இருக்கிறது. அதனால் இதில் புதிர் எதுவும் இல்லை. பெயரைக் கடைசி வரியில் வைப்பதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. அந்த நொடியில் கைதட்டல் எழும், அவர் எழுவார், மைக்கை நோக்கி நடப்பார். பெயரைச் சொன்ன பிறகும் நான்கு வரி பேசினால், பாதி எழுந்த மனிதர் மீண்டும் உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் தவிப்பார். பொன்னாடையும் நினைவுப் பரிசும் அறிமுகத்துக்கும் உரைக்கும் நடுவே நுழைந்தாலும் இதே கதிதான். அறிமுகம் தூண்டிய ஆவலைப் புகைப்படக்காரர் கலைத்துவிடுவார். பொன்னாடையை வரவேற்புரையோடு முடித்துவிடுவது நல்லது. நினைவுப் பரிசை விழா இறுதியில் கொடுக்கலாம்.

கடைசியில் இருக்கும் கேள்வி வெறும் அலங்காரத்துக்கு வைத்ததாக இருக்கக் கூடாது. முன்பே தொலைபேசியில் அவரிடம் சொல்லி, அதைத் தன் உரையில் தொடுவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். எதிர்பாராத நுணுக்கமான கேள்வியை நூறு பேர் முன்னால் வீசுவது மரியாதை ஆகாது. அவர் ஒப்புக்கொண்டிருந்தால் அவருடைய உரையும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கும். ‘இந்தப் பள்ளிக்கு வந்ததில் மகிழ்ச்சி’ என்ற பொதுவான முன்னுரைக்கு வேலை இருக்காது.

பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே கூட்டத்தில் இருப்பது இன்னொரு சிக்கல். பெற்றோருக்குப் பதவியும் விருதும் தெரிந்தால்தான் வந்திருப்பவரின் உயரம் புரியும். பிள்ளைகளுக்கு அவை வெறும் ஒலிகள். மேலே உள்ள உரையில் பெற்றோருக்கான தகவல்கள் மூன்றே சிறு வரிகளில், கதைக்கும் கேள்விக்கும் நடுவே வருகின்றன. ‘நம் அப்பா அம்மா படித்த காலத்தில்’ என்ற வரி அவர்களையும் கதைக்குள் இழுத்துக்கொள்கிறது. முழு விவரம் வேண்டுவோருக்கு விருந்தினரின் வாழ்க்கைக் குறிப்பை ஒரு சார்ட்டில் எழுதி நுழைவாயிலில் ஒட்டிவிடலாம். பயோடேட்டாவுக்கு உரிய இடம் அந்தச் சுவர்தான்.

எல்லாப் பள்ளிக்கும் சந்திரயான் இயக்குநர் வரப்போவதில்லை. பெரும்பாலும் வருபவர் அந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஓய்வுக்குப் பின் குடியிருக்கும் ஒருவர். கல்பாக்கத்தில் உலோகங்களைச் சோதித்தவர், காரைக்குடியில் அரிமானத்தை ஆராய்ந்தவர், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நெல் ரகங்களை உருவாக்கியவர், திருச்சி வாழை ஆராய்ச்சி மையத்தில் நோய்களைக் கண்டறிந்தவர். தொலைக்காட்சியில் அவரைப் பார்த்திருக்க மாட்டார்கள். இவர்களை அறிமுகப்படுத்துவதுதான் உண்மையில் கடினமான வேலை, அதிகப் பலன் தரும் வேலையும் அதுதான். அண்ணாதுரையை அறிமுகம் செய்யாவிட்டாலும் கூட்டம் கேட்கும். இவர்களை அறிமுகம் செய்யாவிட்டால் கேட்காது.

கோவைக் கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் ஒருவர் வருகிறார் என்று கொள்வோம். 1912இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அங்கே சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் இனிப்பு மிகுந்த கரும்பையும் காட்டில் தானாக வளரும் நாணல் போன்ற கரும்பையும் கலந்தார்கள். காட்டுக் கரும்பில் சாறு குறைவு, ஆனால் குளிரையும் வறட்சியையும் நோயையும் தாங்கும். அப்படிப் பிறந்த கோ 205 என்ற ரகம் 1918இல் வட இந்திய வயல்களுக்குப் போனது. இதே வேலையின் தொடர்ச்சியில்தான் விருந்தினர் தன் பணிக்காலத்தைக் கழித்திருப்பார். ‘கரும்பு மரபியல் துறையின் முன்னாள் முதன்மை விஞ்ஞானி’ என்று சொன்னால் யாரும் திரும்ப மாட்டார்கள். கையில் ஒரு கரும்புத் துண்டும் இன்னொரு கையில் நாணல் தட்டையும் பிடித்துக்கொண்டு, ‘இவை இரண்டும் உறவினர்கள் என்றால் நம்புவீர்களா? இந்த இரண்டுக்கும் பிறந்த பிள்ளைகளின் பிள்ளைகளைத்தான் பொங்கலுக்கு நாம் கடித்துச் சுவைக்கிறோமா என்று இவரிடம் கேட்போம்’ என்று ஒரு மாணவன் தொடங்கினால் கூட்டம் நிச்சயம் திரும்பும். கடிக்கும் கரும்பு வேறு, ஆலைக் கரும்பு வேறு என்று விருந்தினர் தன் உரையில் விளக்குவார். அந்த விளக்கத்துக்கு இடம் வைத்தே கேள்வி எழுதப்பட்டிருக்கிறது.

அறிமுகம் செய்த மாணவருக்கு மேடையை விட்டு இறங்கியதும் இன்னொரு வேலை இருக்கிறது. ரிப்பன் வெட்டிய பிறகு விருந்தினரை அரங்குகளுக்குள் அழைத்துப் போவது அவர்தான். பெரும்பாலான பள்ளிகளில் நிர்வாகிகளும் புகைப்படக்காரரும் விருந்தினரைச் சூழ்ந்துகொண்டு, ஒரு மேசைக்குப் பத்து விநாடி என்று நகர்த்திவிடுவார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒருவரால் நாற்பது மேசைகளில் நின்று பேசவும் முடியாது. தலைமையாசிரியரும் அந்த மாணவரும் சேர்ந்து முன்கூட்டியே ஐந்தாறு மேசைகளைத் தேர்ந்துவைத்து, ஒவ்வொன்றிலும் நான்கைந்து நிமிடம் நிற்க வழி செய்யலாம். அந்தப் பட்டியலில் பரிசு வாங்கக்கூடிய மாடல்கள் மட்டும் இருக்க வேண்டியதில்லை. காலையில் நின்றுபோன காற்றாலையும் இருக்கட்டும். ஒயரைப் பிடித்துப் பார்த்து, எங்கே இணைப்பு விட்டுப்போயிருக்கிறது என்று அந்தப் பிள்ளையோடு சேர்ந்து தேடுவது அவருக்கும் பிடித்த வேலையாகத்தான் இருக்கும். நடுவில் அவர் உட்கார ஒரு நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் எந்த அறையில் இருக்கும் என்பதை மாணவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.